ஆமென் சொல்ல முடிகிற வாழ்த்து



2024ஆம் ஆண்டு புனித சனிக்கிழமை பிற்பகல். ஆலயத்தில் திருவிழிப்புக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பாஸ்கா திரியை வைக்கும் தண்டுக்கு இளையோர் பூ சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஓர் ஆசிரியை பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் கைபேசி. "ஃபாதர், இதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அனுப்பலாமா, வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவரோடு ஒரே பள்ளியில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிவரும் ஓர் இஸ்லாமியத் தோழிக்கு அனுப்ப வேண்டிய ஈஸ்டர் வாழ்த்து அது. தோழி சில ஆண்டுகள் மூத்தவர். அதனால் இவர் அவரை 'லாத்தா' என்றுதான் கூப்பிடுவார். அக்கா என்று பொருள். அவர் இவரைத் 'தங்கச்சி' என்பார். ஒவ்வோர் ஆண்டும் பண்டிகைக்குப் பண்டிகை இரு வீட்டுக்கும் இடையே பாத்திரங்கள் போய்வரும். போன பாத்திரம் வெறுமையாகத் திரும்பியது கிடையாது. ஆனால் அந்த ஆண்டு நிலைமை வேறு. கிறிஸ்மஸ் கழிந்த நான்காம் நாள் லாத்தாவின் கணவர் நெஞ்சுவலியில் இறந்துபோனார். லாத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரம் தவிர்த்து, வீட்டோடு இருக்கும் காலம் அது. மே மாதத் தொடக்கம் வரை அவருக்கு அந்தக் காலம் இருந்தது. போதாததற்கு ரமலான் நோன்பும் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஈஸ்டர். தமிழகத்தில் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11.

கைபேசியில் இருந்த வாழ்த்து இது: 'சாவை வென்று வெற்றி வீரராய் உயிர்த்த நம் ஆண்டவர் இயேசு உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் தம் ஒளியால் நிரப்பி மீட்பாராக! அல்லேலூயா! மகிழ்ச்சி நிறைந்த ஈஸ்டர் நல்வாழ்த்துகள்!'

அழகான வாழ்த்துதான். உங்களில் பலர் அன்று இதைப்போன்ற ஒன்றை நூறு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். நாங்களும் அனுப்பினோம். நமக்குள் இதைச் சொல்லிக்கொள்வதில் குறையே இல்லை. ஆனால் இதைப் படிக்கப்போகிறவர் லாத்தா. பங்குத்தந்தையும் உதவித்தந்தையுமாக நாங்கள் இருவரும் அந்த அம்மாவோடு உட்கார்ந்து, சொல் சொல்லாக அதைப் படித்துப் பார்த்தோம். அரை மணி நேரம் ஆயிற்று. திருவிழிப்பு வேலை கொஞ்சம் தாமதப்பட்டது. ஆனாலும் அந்த அரை மணியில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றுகிறது.

முதலில் கண்ணில் பட்டது 'நம்' என்ற சின்னச் சொல். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. பல மொழிகளில் இந்த வேறுபாடு கிடையாது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்; அவரை விட்டுவிட்டுச் சொன்னால் நாங்கள். 'நம் ஆண்டவர் இயேசு' என்று லாத்தாவுக்கு எழுதினால், அவர் சொல்லாத விசுவாச அறிக்கையை அவர் வாயில் நாமே வைத்துவிடுகிறோம். சேர்த்துக்கொள்வதுபோல் தோன்றும் சொல் அங்கே கையைப் பிடித்து இழுக்கும் சொல்லாகிவிடுகிறது. 'எங்கள் ஆண்டவர்' என்றால் அது விலக்குவதுபோல் காதில் விழலாம். ஆனால் அதில்தான் மரியாதை இருக்கிறது. இது எங்கள் விசுவாசம், உங்களுடையது எது என்றும் எனக்குத் தெரியும் என்று அது சொல்கிறது.

அடுத்தது 'சாவை வென்று'. இஸ்லாமியர் இயேசுவை ஈஸா நபி என்று போற்றுகிறார்கள். அவர் கன்னி மரியாளிடம் பிறந்தார் என்று நம்புகிறார்கள். ஆனால் அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை, இறைவன் அவரைத் தம்மிடம் உயர்த்திக்கொண்டான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆகவே, நமக்கு நற்செய்தியின் நெஞ்சமாக இருக்கும் அந்தச் சொற்றொடர், லாத்தாவுக்கு மறுக்க வேண்டிய ஒரு கருத்தாகப் போய்ச் சேரும். வாழ்த்தைப் பெற்றவர் நன்றி சொல்வதா, மறுப்புச் சொல்வதா என்று திண்டாட வேண்டி வரும். 'மீட்பாராக' என்பதும் அப்படித்தான்.

கடைசியாக, 'மகிழ்ச்சி நிறைந்த'. இதற்கு மதமே தேவையில்லை. கணவரை அடக்கம் செய்து மூன்று மாதம் முடிந்த வீட்டுக்கு அந்தச் சொல்லை எந்த மதத்தவரும் அனுப்ப மாட்டார்கள். வாழ்த்தை எங்கிருந்தோ எடுத்து அப்படியே அனுப்பும்போது இந்தப் பிழைதான் அதிகம் நேர்கிறது. வாழ்த்துக்கு முகவரி இருக்கிறது; அதைப் பெறும் ஆளின் முகம் இருப்பதில்லை.

அந்த ஆசிரியை உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறொன்று எழுதினார்: 'இனிய ஞாயிறு வாழ்த்துகள் லாத்தா. எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.' எழுதிவிட்டு அவரே சிரித்துவிட்டார். "இது பேங்க்ல இருந்து வர்ற மெசேஜ் மாதிரி இருக்கு ஃபாதர்."

உண்மை. பிற சமயத்தாருக்கு வாழ்த்துச் சொல்லும்போது நாம் தவறுவது இந்த இரண்டு பக்கங்களில்தான். ஒன்று, நம் வீட்டு மொழியை அப்படியே அனுப்பிவிடுகிறோம். இல்லையென்றால், யாருக்கும் உறுத்தாதபடி எல்லாவற்றையும் உருவிவிட்டு, சக்கையை அனுப்புகிறோம். இரண்டாவது வகையில் மறுப்பதற்கு ஒன்றும் இல்லைதான். ஆமென் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு எங்கள் பேச்சு இந்த இடத்தில்தான் திரும்பியது. ஆமென் என்பது எபிரேயச் சொல். யூதரும் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம், இஸ்லாமியர் ஆமீன் என்கிறார்கள். 'அப்படியே ஆகட்டும்' என்பது மூன்று இடத்திலும் உள்ள பொருள். பிற சமய நண்பருக்கு நாம் எழுதிய ஆசி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, எங்களுக்குத் தெரிந்த நல்ல உரைகல் இதுதான்: அவர் தம் சமயத்தை விட்டு ஓர் அடிகூட வெளியே வராமல் அதற்கு ஆமீன் சொல்ல முடியுமா? நாமும் நம் விசுவாசத்தை விட்டு ஓர் அடிகூட வெளியே போகாமல் அதைச் சொன்னோமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அனுப்பலாம்.

சரி, லாத்தாவுக்கு என்ன எழுதுவது? ஆசி எதையும் பிரித்துப் பார்த்தால் மூன்று கேள்விக்கு அதில் விடை இருக்கும். என்ன நாள்? கொடுப்பவர் யார்? கொடுக்கப்படுவது என்ன? ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

நாளை மறைக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. 'இன்று எங்களுக்கு உயிர்ப்புப் பெருவிழா' என்று நேராகச் சொல்லிவிடலாம். அது செய்தி. அதில் யாரும் எதையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பண்டிகையின் பெயரை மறைத்துவிட்டு 'பண்டிகைக் கால வாழ்த்து' என்று பொதுவாகச் சொன்னால், நண்பர் நம்மைத் தாங்கிக்கொள்ள மாட்டார் என்று நாமே முடிவு செய்ததாக ஆகிவிடும்.

கொடுப்பவரைப் பற்றித்தான் அதிக நேரம் யோசித்தோம். நம் தமிழுக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. 'இறைவன்' என்ற சொல்லை இந்துக்களும் இஸ்லாமியரும் நாமும் தயக்கமில்லாமல் சொல்கிறோம். நம் பாட்டிமார் 'சர்வேசுரனுக்கு தோத்திரம்' என்று சாமியாருக்கு வணக்கம் சொன்ன காலத்தில் இறைவன் என்ற சொல் நம் வாயில் இவ்வளவு புழங்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நம் செபமொழி மாறியபோது அது நமக்குச் சொந்தமானது. 'அல்லாஹ்' என்றே எழுதலாமே என்று கேட்டார் ஆசிரியை. அரபு மொழி பேசும் கத்தோலிக்கர் திருப்பலியிலேயே கடவுளை அல்லாஹ் என்றுதான் அழைக்கிறார்கள். ஆகவே அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் தமிழில் அந்தச் சொல் இஸ்லாமிய வீட்டுச் சொல்லாகவே நின்றுவிட்டது. அதை நாம் எடுத்துச் சொன்னால் அவர்கள் பேச்சைப் பாவனை செய்வதுபோல் படக்கூடும். இறைவன் போதும்.

பெயர் ஒத்துவந்தது, வினைமுற்று ஒத்துவரவில்லை. இதைப் பலர் கவனித்திருக்க மாட்டோம். நாம் 'ஆண்டவர் ஆசி வழங்குவாராக' என்கிறோம். மரியாதைக்கு 'ஆர்' சேர்க்கிறோம். இஸ்லாமியத் தமிழர் 'அல்லாஹ் அருள்புரிவானாக' என்பார்கள். நபிகளைச் சொல்லும்போது 'அவர்கள் சொன்னார்கள்' என்று மிகுந்த மரியாதையோடு சொல்பவர்கள், இறைவனை மட்டும் 'ஆன்' போட்டுச் சொல்கிறார்கள். காரணம், 'ஆர்' அடிப்படையில் பன்மை விகுதி. இறைவன் ஒருவனே என்பதுதான் அவர்கள் நம்பிக்கையின் உயிர்நாடி. அந்த ஒருமையை விகுதியில்கூட அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நமக்கோ 'ஆண்டவன் தருவான்' என்று எழுதினால் செபம் செய்வதுபோலவே தோன்றாது. ஒரே அன்பு, இரண்டு விகுதி.

இதற்கு ஒரு வழி தமிழிலேயே இருக்கிறது. இறைவனை எழுவாயாக வைக்காமல் அவருடைய கொடையை எழுவாயாக வைத்துவிட்டால் போதும். 'இறைவனின் அமைதி உங்களோடு இருக்கட்டும்.' இதில் ஆனும் இல்லை, ஆரும் இல்லை. இருவரும் முழு மனதோடு சொல்லலாம்.

கொடை எது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. உயிர்த்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் வந்து நின்று சீடரிடம் முதலில் சொன்னது என்ன? அமைதியை வாழ்த்தாகச் சொன்னார். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் மூன்று முறை அதைச் சொல்கிறார். ஆயர் திருப்பலி நிறைவேற்றும்போது தொடக்கத்தில் மக்களுக்குச் சொல்லும் வாழ்த்தும் அதுவே. அவர் வாழ்ந்த நாட்டில் அன்றாடம் சொல்லப்பட்ட ஷாலோம் அது. லாத்தா தினமும் பலமுறை சொல்லும் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதில் உள்ள சலாமும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். உங்கள்மீது அமைதி உண்டாகட்டும் என்று பொருள். ஆக, ஈஸ்டர் வாழ்த்தை லாத்தாவுக்காக நாம் மொழிபெயர்க்க முயன்றுகொண்டிருந்தபோது, அதன் மூலமே அவருக்குத் தெரிந்த மொழியில்தான் இருந்தது. அலங்காரமாக நாம் மேலே போட்ட வெற்றி வீரர், ஒளி வெள்ளம் எல்லாவற்றையும் எடுத்தால், அடியில் ஆண்டவர் சொன்ன சொல் அப்படியே கிடந்தது.

இன்னும் ஒன்று மீதி இருந்தது. அண்ணன் இறந்திருக்கிறார். உயிர்ப்பு விழாவன்று அதைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் எப்படி? கிறிஸ்துவின் உயிர்ப்பைப் பற்றி இருவரும் ஒன்றாகப் பேச முடியாது. ஆனால் இறந்தோர் இறுதி நாளில் எழுப்பப்படுவர் என்பதை நாம் விசுவாச அறிக்கையின் முடிவில் அறிக்கையிடுகிறோம்; கியாமத் நாளில் இறைவன் எழுப்புவான் என்று அவர்களும் நம்புகிறார்கள். இறந்த செய்தி கேட்டதும், நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம் என்ற பொருளில் அரபியில் அவர்கள் சொல்லும் வார்த்தையை நாம் பல துக்க வீடுகளில் கேட்டிருக்கிறோம். அந்த நம்பிக்கையைத் தொடலாம்.

கடைசியில் ஆசிரியை எழுதியது இது:

'லாத்தா, இன்று எங்களுக்கு உயிர்ப்புப் பெருவிழா. இறந்தவர்களை எழுப்ப இறைவனால் முடியும் என்று நாங்கள் நம்பிக்கையோடு சொல்லும் நாள். ராத்திரி பூசையில் அண்ணனை நினைத்து மன்றாடினேன். இறைவனின் அமைதி உங்களோடும் பிள்ளைகளோடும் இருக்கட்டும். சாயங்காலம் நோன்பு திறந்த பிறகு வருகிறேன்.'

இதில் நயமான சொல் ஒன்றுமில்லை. ஆனால் 'லாத்தா' இருக்கிறது, 'அண்ணன்' இருக்கிறது, வருகிற நேரம் இருக்கிறது. பகலில் கேக்கோடு போய் நிற்காமல் நோன்பு திறந்தபின் வருகிறேன் என்பதிலேயே, உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும் என்ற அன்பு வந்துவிட்டது. 'எங்களுக்கு', 'நாங்கள்' என்ற சொற்களையும் பாருங்கள். அவர் எதையும் மறைக்கவில்லை.

திருவிழிப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் தூக்கம் வராமல், விடியுமுன் நான்கு மணி அளவில் அதை அனுப்பியிருக்கிறார். லாத்தா சஹர் உணவுக்காக எழுந்திருந்த நேரம். உடனே பதில் வந்தது: 'ஆமீன்.' அதன் கீழே இன்னொரு வரி: 'என்ன தங்கச்சி, நீயும் சஹருக்கு எழுந்துட்டியா?'

பதினொரு நாள் கழித்து ஏப்ரல் 11. இப்போது ஆசிரியையின் முறை. நம்மில் பலர் அன்று 'ஹேப்பி ரம்ஜான்' என்கிறோம். ரமலான் என்பது நோன்பு மாதத்தின் பெயர். அந்த மாதம் முடிந்து, ஷவ்வால் பிறை கண்ட பிறகு வருவதுதான் பெருநாள். தமிழ் இஸ்லாமியர் அதை நோன்புப் பெருநாள் என்கிறார்கள். பக்ரீதை ஹஜ்ஜுப் பெருநாள் என்கிறார்கள். மேடைத் தமிழில் ஈகைத் திருநாள், தியாகத் திருநாள் என்றும் சொல்லப்படுகின்றன. ரம்ஜான் வாழ்த்து என்றால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அவர்கள் தங்கள் வீட்டுக்குள் சொல்லும் பெயரைத் தெரிந்து சொன்னால், கேட்பவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். (கேரளத்து நம் சகோதரர்கள் ஆலயத் திருவிழாவையே பெருநாள் என்றுதான் சொல்கிறார்கள் என்பதையும் லாத்தாவிடம் யாராவது சொல்ல வேண்டும்.)

'ஈத் முபாரக்' என்பதை நாம் 'இனிய ஈத்' என்று புரிந்துகொள்கிறோம். முபாரக் என்றால் இனிமை அல்ல, ஆசி பெற்றது. 'பரக்கத்' என்று அவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் சொல்லின் உறவு அது. எபிரேயத் திருநூலில் 'ஆசி பெற்றவர்' என்று வரும் சொல்லும் அதே குடும்பம்தான். இந்தப் பொருள் தெரிந்ததால் அந்த ஆண்டு ஆசிரியைக்கு ஒரு சங்கடம் தீர்ந்தது. இத்தாவில் இருப்பவரிடம் 'இனிய பெருநாள்' என்று சொல்ல நா எழாது. ஆனால் ஆசி பெற்ற நாள் என்று சொல்லலாம். துக்க வீட்டுக்குத்தான் ஆசி அதிகம் வேண்டும். நேரில் போய், கையைப் பிடித்துக்கொண்டு, 'ஈத் முபாரக் லாத்தா' என்று மட்டும் சொன்னாராம்.

திருஅவை இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது என்பது நம்மில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1964இல் பிற சமயத்தாருக்கென்று ஒரு செயலகத்தை ஏற்படுத்தினார். 1967 முதல் நோன்புப் பெருநாளையொட்டி இஸ்லாமியருக்கு வத்திக்கானிலிருந்து ஆண்டுதோறும் வாழ்த்துச் செய்தி செல்கிறது. பின்னர் பௌத்தருக்கு வெசாக் நாளிலும் இந்துக்களுக்குத் தீபாவளிக்கும் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். வழக்கமாக அந்தத் துறையின் தலைவரே அதில் கையொப்பமிடுவார். 2013இல், திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், இஸ்லாமியருக்கான செய்தியில் அவரே கையொப்பமிட்டார். நாம் கவனிக்க வேண்டியது அந்தச் செய்திகளின் அமைப்பை. விழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரையே சொல்கிறார்கள். நாம் எதை நம்புகிறோம் என்பதையும் மறைக்காமல், கிறிஸ்தவர்களாகிய நாங்கள் என்றே பேசுகிறார்கள்.

இந்து நண்பர்கள் விஷயத்தில் சிக்கல் வேறு விதமானது. இங்கே நாம் ஒதுங்கி நிற்பதைவிட அவர்கள் தாராளமாக வருவதுதான் அதிகம். ஒவ்வோர் ஆண்டும் புனித வெள்ளியன்று காலையில் நமக்கு 'இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்' என்று சில செய்திகள் வந்துவிடும். அரசு விடுமுறை, ஆங்கிலப் பெயரிலோ 'குட்' இருக்கிறது, பண்டிகை என்று நினைக்க வேறென்ன வேண்டும்? அதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறோம். ஒருவர் நம்மை நினைத்து அனுப்பியிருக்கிறார். 'நன்றிங்க. இன்று எங்களுக்கு ஆண்டவர் இறந்த நாள், ஒருசந்தியாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதான் பண்டிகை, அன்றைக்குச் சாப்பிட வாங்க' என்று எழுதினால் அவருக்கும் தெரிந்துவிடும், அழைத்ததாகவும் ஆகிவிடும்.

நாமும் இதே தவற்றை அவர்களிடம் செய்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். வீட்டில் ஒருவர் இறந்த ஆண்டில் பல இந்துக் குடும்பங்கள் தீபாவளி கொண்டாடுவதில்லை. அந்த வீட்டுக்குப் பட்டாசுப் படம் போட்ட வாழ்த்து போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? 'இந்த வருஷம் உங்களுக்குத் தீபாவளி இல்லைன்னு தெரியும். அப்பாவை நினைச்சுக்கிட்டோம்' என்று ஒரு வார்த்தை போதும். தாத்தாக்கள் காலத்தில் இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, தெருவே அறிந்திருந்தது.

ஆசி என்பது சொல்லோடு முடிவதில்லை, கையும் அதில் சேரும். நண்பர் வீட்டுப் பிள்ளை தேர்வுக்குப் போகுமுன் நம் காலில் விழுந்து எழுகிறது. நம் வீட்டுப் பிள்ளை என்றால் நெற்றியில் சிலுவை வரைவோம். அங்கே கை தானாகவே நெற்றிக்குப் போகும். பெற்றோர் விரும்பிக் கேட்டால் வரையலாம். கேட்காதபோது தலையில் கை வைத்து, நம் செபத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்வதே முறை. வாயால் சொல்ல, 'நல்லா இரு' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் தமிழில் எதுவும் தேவைப்பட்டதில்லை. அதில் கொடுப்பவரின் பெயர் இல்லை; ஆனால் மேலே பார்க்காமல் அதைச் சொன்ன பாட்டி யாரையும் நாங்கள் கண்டதில்லை.

எல்லா நண்பர்களும் லாத்தாவைப்போல் இருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிற சமயத்தாரின் விழாவுக்கு வாயால் வாழ்த்துச் சொல்வது தங்களுக்கு ஆகாது என்று கருதும் இஸ்லாமியரும் இருக்கிறார்கள். அப்படி நினைக்கும் கிறிஸ்தவரும் இருக்கிறார்கள். 'ஹேப்பி கிறிஸ்மஸ்' சொல்லாத ஒருவர், அன்றைக்கு நம் தாயை மருத்துவமனைக்குத் தம் வண்டியில் கூட்டிப்போவார். அவரிடம் வாழ்த்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதும், சொல்லவில்லையே என்று கணக்கு வைப்பதும் சரியல்ல. நமக்கும் எல்லை உண்டு. நண்பருக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்பதற்காக, நாம் நம்பாத ஒன்றை நம்புவதுபோல் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சொன்னால் அவருக்கும் அது தெரிந்துவிடும்.

அந்த ஆண்டு கிறிஸ்மஸ் வந்தபோது லாத்தா வீட்டில் அண்ணன் இறந்து ஒரு வருடம் நிறையப்போகும் வாரம். வாழ்த்து வராது என்றுதான் ஆசிரியை நினைத்திருந்தார். இந்த முறை மொழிபெயர்க்கும் வேலையை லாத்தா எடுத்துக்கொண்டார். திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கு மரியாளின் பெயர்தான், மர்யம் என்பார்கள். குழந்தை ஈஸா தொட்டிலிலிருந்தே பேசி, தாம் பிறந்த நாளிலும் இறக்கும் நாளிலும் எழுப்பப்படும் நாளிலும் தம்மீது சலாம் இருப்பதாகச் சொல்லும் இடம் ஒன்று அதில் வருகிறது. லாத்தா அதைத் தேடி எடுத்திருக்கிறார். இயேசு ஆண்டவர் என்று அவரால் எழுத முடியாது, எழுதவும் இல்லை. 'ஈஸா நபி பிறந்த நாளில் இருந்த சலாம் உன் வீட்டிலும் இருக்கட்டும் தங்கச்சி' என்று எழுதி, கூடவே அண்ணன் நினைவாக ஏழைகளுக்குக் கொடுக்கச் சமைத்த நெய்ச்சோற்றில் ஒரு பாத்திரம் கொடுத்தனுப்பியிருந்தார்.

நாம் அந்தப் பாலனைப் பற்றி இதைவிட அதிகம் அறிக்கையிடுகிறோம். ஆனால் அந்த வாழ்த்தில் நாம் மறுக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆசிரியை கைபேசியை எடுத்துக்கொண்டு மறுபடியும் பங்கு இல்லத்துக்கு வந்து எங்களுக்குக் காட்டினார். "என்ன பதில் போட்டீங்க?" என்று கேட்டோம்.

"ஆமென்னு போட்டேன் ஃபாதர். அப்புறம் பாத்திரத்துல என்ன வச்சு அனுப்புறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."